போனை வைக்க நாலு வரி: எங்கள் சங்கத்துத் துண்டறிக்கை உருவான விதம்

எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்துக்காக ஒரு துண்டறிக்கை அடித்தோம். ஒரு பக்கம் நாலு வரிப் பாட்டு. மறுபக்கம் இரண்டு ஈரடி, கீழே எழுதிக்கொள்ள இரண்டு வெற்றுக் கோடு. போனில் பேசி வங்கிப் பணத்தைக் கறக்கிறவர்களிடமிருந்து வயதானவர்களைக் காப்பாற்ற இவ்வளவு சின்னத் தாள் போதுமா என்று பலர் கேட்டார்கள். வேலைக்காலம் முழுக்க வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். என் அனுபவத்தில் பெரிய தாள்தான் போதாது. "செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை" என்று பன்னிரண்டு விதி போட்ட தாள்களைக் கவுண்டரில் கட்டுக் கட்டாகக் கொடுத்திருக்கிறேன். படித்தவர்கள்கூட, அழைப்பு வந்த நேரத்தில் அதில் ஒரு விதியையும் நினைத்துப் பார்த்ததில்லை. இந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது, எங்கே செய்வதில்லை என்று வேறு ஊர்ச் சங்கத்தார் கேட்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களை இதில் இறக்கியது ஒரு டீச்சரம்மாவுக்கு நடந்தது. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். பெயர் மட்டும் வேண்டாம், மற்றதை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று அவரே சொன்னார்.

நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் அது. காலை பதினோரு மணிக்கு அழைப்பு. பேசியவன் அவர் பெயரையும், ஓய்வு பெற்ற தேதியையும், ஓய்வூதிய ஆணை எண்ணையும் சரியாகச் சொன்னான். "அம்மா, உங்க லைஃப் சர்டிஃபிகேட் இன்னும் ஏறலை. அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும். நீங்க வந்து வரிசையில நிக்க வேண்டாம், நானே இங்கேருந்து முடிச்சுத் தரேன்." ஆணை எண் தெரிந்தவன் அலுவலகத்து ஆளாகத்தான் இருப்பான் என்று அவர் நம்பினார். ஓய்வூதியர்களின் விவரங்கள் முழுசாக மோசடிக்காரர்கள் கையில் இருக்கின்றன என்று மத்திய அரசின் ஓய்வூதியக் கணக்கு அலுவலகமே எச்சரித்திருக்கிறது. நம் விவரத்தை ஒருவன் சரியாகச் சொல்வது அவன் யார் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி ஏடிஎம் கார்டின் பதினாறு இலக்கத்தையும், காலாவதி மாதத்தையும், பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் வாங்கிக்கொண்டான். "இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல ஆறு நம்பர் இருக்கும், படிங்கம்மா." போன் காதில் இருக்கிறது, மெசேஜ் அதே போனில் வருகிறது. "ஸ்பீக்கர்ல போட்டுக்குங்க, மேல ஒரு பட்டை மாதிரி வந்திருக்கும் பாருங்க" என்று அதையும் அவனே சொல்லிக் கொடுத்தான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு எண்ணை மட்டும் படித்தார். அந்த மெசேஜிலேயே எவ்வளவு ரூபாய், எந்தக் கடைக்கு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. பிற்பாடு அந்த மெசேஜை எனக்குக் காட்டினார். மேலே வந்த பட்டையில் முதல் ஒன்றரை வரிதான் தெரியும். தொகை அதற்குக் கீழே போய்விட்டது.

"தப்பாயிடுச்சும்மா, திரும்ப ஒண்ணு வரும்." இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிற்று.

அவர் சொன்னதில் என்னை நிறுத்திய வாக்கியம் ஒன்று உண்டு. "இரண்டாவது நம்பர் கேட்டப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு சார். ஆனா அவ்வளவு மரியாதையாப் பேசற பிள்ளைகிட்ட எப்படிப் பட்டுனு வைக்கறது?"

அந்தப் பணம் போனது தகவல் இல்லாததால் அல்ல. ஓடிபி சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரியும். சந்தேகமும் வந்துவிட்டது. பேச்சை முறிக்கத்தான் அவர் வாயில் சொல் இல்லை. வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை வந்து வழியனுப்பிப் பழகிய தலைமுறை இது. பேசிக்கொண்டிருக்கிறவரின் முகத்தில் அடித்தாற்போல் போனை வைப்பது அவர்களுக்கு அவமரியாதை. மோசடிக்காரன் பிடித்துத் தொங்குவது அந்த மரியாதையைத்தான். "இருங்கம்மா, ஒரு நிமிஷம்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான், இவர்களும் இருந்துகொண்டே இருப்பார்கள்.

ஆகவே எங்கள் பாட்டு அறிவுரையாக இருக்கக்கூடாது, அழைப்பின் நடுவில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பதிலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். "நீ சொல்லாதே" என்று பெரியவர்களைப் பார்த்துப் பாடுவது பொருத்தமும் இல்லை. எழுபது எண்பது வயதுக்காரரை நோக்கி "நீ" போட்டு ஒரு தாள் நீட்டினால் முகம் சுளிப்பார்கள், "நீங்கள்" போட்டால் அடி நீண்டு ஓசை கெடும். "நான்" என்று தொடங்கினால் இரண்டு சிக்கலும் இல்லை. படிக்கிறவர் தன் வாயால் தானே சொல்வதாகிவிடும்.

சங்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பாட்டுக் கட்டும் பொறுப்பு அவருடையது. எதுகை வரியின் தொடக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வரிக் கடைசியில் மட்டும் ஓசை ஒத்துப்போனால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பதற்றத்தில் இருக்கிறவருக்கு அடுத்த வரியின் தொடக்கம் வராது. "ஆறு" என்று ஆரம்பித்தால் நாக்கு தானாக "வேறு" என்று போக வேண்டும், அங்கேதான் எதுகை கைகொடுக்கும் என்றார். சின்ன வயதில் மனப்பாடம் செய்த செய்யுள் எல்லாம் அந்தத் தலைமுறைக்கு இன்றும் முதற்சீரைப் பிடித்துத்தான் வருகிறது. அவர் சொன்னது சரி என்பதை மாதாந்திரக் கூட்டத்தில் பார்த்தோம். முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் மீதியைப் பெரும்பாலோர் சேர்ந்து சொன்னார்கள்.

அவர் முதலில் எழுதியது "ஆறு இலக்கம் போனில் சொல்லேன்" என்று. செய்யுளில் அது மறுப்பு. ஒரு பாட்டி வாய்விட்டுப் படித்ததும் கூட்டம் சிரித்தது, பேச்சில் அது "சொல்லேன்ப்பா" என்று கெஞ்சுவது போல ஆகிவிட்டது. போனில் சொல்ல வேண்டிய வரி பேச்சுத் தமிழிலும் அதே பொருளைத் தர வேண்டும். "மாட்டேன்" வந்தது. கடைசியில் அச்சேறியது இது:

ஆறு இலக்கம் போனில் சொல்ல மாட்டேன்
வேறு கதைகள் எதுவும் கேட்க மாட்டேன்
நேரில் போயே வங்கியில் விவரம் கேட்பேன்
யாராய் இருந்தாலும் இப்போ போனை வைப்பேன்

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் வரியில் "ஓடிபி" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்த்தோம். மோசடிக்காரன் அந்தச் சொல்லைச் சொல்வதே அபூர்வம். கேன்சல் நம்பர், ரெஃபரன்ஸ் நம்பர், சர்டிஃபிகேட் நம்பர் என்று வேறு ஏதாவது சொல்வான். "ஓடிபி யாரும் கேட்டா சொல்லிடாதீங்கம்மா, நான் கேக்கறது வேற" என்று அக்கறையாக எச்சரிக்கிறவனும் உண்டு. பெயரை மாற்றலாம், ஆறு இலக்கத்தை மாற்ற முடியாது.

"போனில்" என்ற சொல் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்றுதான் இருக்க வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். ஆனால் அன்றாடத்தில் அப்படி இருக்க முடியவில்லையே. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் டெலிவரி கோடு கேட்கிறார். பார்சல் கொண்டுவருகிற பையனும் கேட்கிறான். இ-சேவை மையத்தில் ஆதார் வேலைக்குக் கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடமும் கூடாது என்று தாளில் போட்டு, அதை வாரம் ஒருமுறை மீற வேண்டி வந்தால், அந்த விதிக்கு மதிப்பே போய்விடும். நாங்கள் பிரித்த கோடு இதுதான்: நாம் வரச் சொல்லிக் கண்ணெதிரே வந்து நிற்கிற ஆளிடம், வந்த மெசேஜ் அந்தப் பொருளுக்குத்தானா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம். நம்மை அழைத்தவனிடம் போனில் சொல்லவே கூடாது. வங்கி தானாக அழைத்து அந்த எண்ணைக் கேட்க வேண்டிய வேலை ஒன்றுமே கிடையாது. அது கணினி நம்மிடமிருந்து தட்டி வாங்கிக்கொள்கிற எண், ஊழியர் காதால் கேட்டு வாங்குகிற எண் அல்ல. இத்தனை வருஷம் கவுண்டரில் இருந்தவன் சொல்கிறேன், எங்கள் பக்கம் அதைப் போட்டுப் பார்க்க ஓர் இடமே இருந்ததில்லை.

மூன்றாவது வரிக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. எல்லோராலும் நேரில் போக முடியுமா என்றார்கள். முடியாதவர்களுக்காகத்தான் மறுபக்கத்தில் இரண்டு கோடு விட்டோம்: என் வங்கிக் கிளையின் எண், என் வீட்டு ஆளின் எண். வங்கி எண்ணைப் பாஸ்புக்கிலிருந்தோ கார்டின் பின்புறத்திலிருந்தோதான் பார்த்து எழுத வேண்டும் என்று கோட்டுக்குக் கீழேயே அச்சிட்டிருக்கிறோம். கூகுளில் தேடினால் சில சமயம் வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடிக்காரன் போட்ட எண்ணே முன்னால் வந்து நிற்கும். அப்போது அழைக்கிறவர் நாம், அதனால் சந்தேகமே வராது.

மறுபக்கத்து முதல் ஈரடி, போலீஸ் என்று மிரட்டுகிறவர்களுக்கானது:

போலீஸ் என்றால் ஸ்டேஷன் எங்கே?
பிள்ளையைக் கூட்டி வாரேன் அங்கே!

உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்கள் ஆதாரில் கறுப்புப் பணக் கணக்கு இருக்கிறது, வீடியோ காலை விட்டு நகரக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. இந்த மோசடியின் உயிர் "யாரிடமும் சொல்லாதே" என்பதில் இருக்கிறது. ஆகவேதான் பிள்ளையைக் கூட்டி வருவேன் என்று பதில் வைத்தோம். பிள்ளை இல்லாதவர்கள் "பக்கத்து வீட்டைக் கூட்டி" என்று சொல்லிப் பழகிக்கொண்டார்கள். அதுவும் மோனையோடுதான் நிற்கிறது.

அடுத்த ஈரடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

போன பணத்தை மறைக்க மாட்டேன்
போனை எடுத்து 1930 அடிப்பேன்

டீச்சரம்மா பணம் போனது தெரிந்த பிறகும் இருட்டும்வரை யாரிடமும் சொல்லவில்லை. மகள் திட்டுவாளோ என்ற பயம். இரவில் மகளே ஏதோ பேச அழைத்தபோது குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். அப்போதுதான் 1930-க்கு அழைத்தார்கள். அதற்குள் பெரும்பகுதி முதலில் போன இடத்தைவிட்டு வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. நகராமல் மிஞ்சிய நாற்பதாயிரம் சொச்சத்தை மட்டும் முடக்க முடிந்தது. அதுவும் கோர்ட் உத்தரவு வாங்கிக் கைக்கு வர மாதக்கணக்காயிற்று.

1930 மத்திய உள்துறை ஏற்பாட்டில் நாடு முழுவதும் நடக்கும் உதவி எண். அங்கே புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அதை எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் அங்கே துரத்துவார்கள். ஒவ்வொரு கணக்காகத் தாவத் தாவச் சிதறிப்போகும், ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது. எனவே திட்டு வாங்குவதை இரவுக்குத் தள்ளிப்போட்டால், அதற்குள் பணம் போய்விடும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியது: எந்த வங்கி, கணக்கு எண், எத்தனை மணிக்கு எவ்வளவு போயிற்று, டெபிட் மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண். பதற்றத்தில் அந்த மெசேஜ்களை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அழிக்கவே கூடாது. லைன் கிடைக்காவிட்டால் cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அதே நேரத்தில் வங்கிக்கும் சொல்லிக் கார்டை முடக்க வேண்டும்.

வங்கிக்குச் சொல்வது வெறும் சடங்கு இல்லை. 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டு இதற்கு விதி வகுத்தது. நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு எங்கோ விவரம் கசிந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே இரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் தலையில். ஆனால் தெரிவித்த நிமிஷத்துக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஓடிபி சொல்லிவிட்டோம், இனி எதுவும் செய்ய முடியாது என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் தெரிய வேண்டும். தொலைந்தது தொலைந்ததாகவே இருந்தாலும், மிச்சம் இருப்பதைக் காப்பது அந்த ஒரு தகவல்தான். சொன்னதற்கு அத்தாட்சியாகப் புகார் எண்ணை வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும்.

அச்சு விஷயம். அச்சகத்தில் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் நாலு கலரில் மாதிரி காட்டினார்கள். அதில் ட்யூப் லைட் பட்டு எழுத்து மின்னுகிறது, கண்புரை அறுவை செய்தவர்களுக்குப் படிக்க முடியவில்லை. பேனாவால் எண் எழுதினால் இழுகுகிறது. வெளிர் மஞ்சள் மேப்லித்தோ தாளில் கறுப்பு எழுத்து ஒன்றே போதும் என்று மாற்றினோம், செலவும் குறைந்தது. பாட்டுக்கு இருபத்து நாலு பாயின்ட் எழுத்து. கண்ணாடி இல்லாமல் கை நீட்டிய தூரத்தில் படிக்க முடிகிறதா என்று உறுப்பினர்களிடமே கொடுத்துப் பார்த்தோம். டிடிபியில் எழுத்துரு மாறியபோது புள்ளிகள் சில காணாமல் போயின, அதனால் அச்சுக்கு அனுப்புமுன் கடைசிப் படிவத்தைத் தாளில் எடுத்து இரண்டு பேர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கணினித் திரையில் பார்த்துச் சரி என்று விட்டுவிடக் கூடாது.

தாளை எங்கே வைப்பது என்பது அச்சைவிட முக்கியம். பூஜை அறையிலும் பீரோவிலும் போனால் பயன் இல்லை. போனைச் சார்ஜில் போடுகிற பிளக்குக்கு மேலே ஒட்டச் சொன்னோம். அதற்கு வசதி இல்லாதவர்கள் தினசரிக் காலண்டர் மாட்டும் ஆணியிலேயே கோக்கும்படி மேலே ஓட்டை போட்டுக் கொடுத்தோம்.

கொடுத்ததோடு விட்டிருந்தால் பாதிப் பலன்தான் கிடைத்திருக்கும். சம்மதம் சொன்னவர்களுக்கு மட்டும், ஓர் உறுப்பினரின் மகனை விட்டுப் போலி அழைப்பு போடச் செய்தோம். எந்த நாள் என்று சொல்லவில்லை. பையன் கேட்டது எண் ஒன்றும் இல்லை, "ஒரு மெசேஜ் வரும், படிச்சுச் சொல்றீங்களா?" என்றவரை மட்டும். அதில் தெரிந்தது, பாட்டை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் பலர் அழைப்பில் முதல் வரியோடு நின்றுவிட்டார்கள். "சொல்ல மாட்டேன்" என்பார்கள், அவன் "ஏன்மா?" என்பான், இவர்கள் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார்கள். விளக்க ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வோம். அதற்குப் பிறகு கூட்டங்களில் நாலு வரியையும் மூச்சு விடாமல் சொல்லி, கடைசிச் சொல்லோடு சிவப்புப் பொத்தானை அமுக்குவதுவரை சேர்த்தே பழக்குகிறோம். எதிரே இருக்கிறவன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போது பொத்தானை அமுக்குவது சிலருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது. போனைக் கையில் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம்.

இந்தப் பாட்டால் தடுக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் ஒரு கோப்பு வரும், அதன் கடைசியில் .apk என்று இருக்கும். அதைத் திறந்து, கேட்பதற்கெல்லாம் "அனுமதி" கொடுத்துவிட்டால், போனுக்கு வரும் மெசேஜ்களை அந்தச் செயலியே படித்து வெளியே அனுப்பிவிடும். யாரும் அழைக்க மாட்டார்கள், யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது, ஆறு இலக்கம் தானாகப் போய்விடும். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வதும் இதே வகை. இப்படி ஏதாவது ஏறிவிட்டது என்று தெரிந்தால் முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைக்க வேண்டும், பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேச வேண்டும். அடுத்த அச்சுக்காகத் தமிழாசிரியர் எழுதிக் கொடுத்திருப்பது:

வந்த ஃபைலைத் திறக்க மாட்டேன்
சொந்தம் அனுப்பினும் கேட்டே தொடுவேன்

"கேட்டே" என்பது, அனுப்பியவரை நேரடியாகப் போனில் அழைத்துக் கேட்பது. வாட்ஸ்அப்பிலேயே திருப்பிக் கேட்டால், அவருடைய கணக்கைப் பிடித்து வைத்திருக்கிறவன் "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்று பதில் போட்டுவிடுவான். இந்த விளக்கத்தை ஈரடிக்குள் அடக்க முடியவில்லை, அதனால் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரியாகப் போடுகிறோம். சின்ன எழுத்து என்றாலும் பதினாறு பாயின்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை.